காலில் சிவப்புப் பொரியா? எத்தனையாவது நாள் என்று பாருங்கள்

வாக்ஸிங் செய்த பிறகோ ஷேவ் செய்த பிறகோ முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்கத்தில் சிவப்புச் சிவப்பாகப் பொரிகள் கிளம்புவது பல பெண்களுக்குப் பழகிப்போன தொல்லை. காலை மழித்துக்கொள்ளும் விளையாட்டு வீரர்களுக்கும் இது வருவதுண்டு. ஒருவர் அலர்ஜி என்பார், இன்னொருவர் உடம்புச் சூடு என்பார், மூன்றாமவர் பார்லரைக் குறை சொல்வார். வீட்டில் இருக்கிற ஏதோ ஓர் ஆயின்மென்ட்டைத் தடவிப் பார்ப்பார்கள். சிலருக்குக் கேட்கும், சிலருக்கு இன்னும் மோசமாகும்.

ஒருவருக்குக் கேட்ட மருந்து இன்னொருவருக்குக் கேட்காமல் போவதற்குக் காரணம் உண்டு. பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் அவை ஒரே கோளாறு அல்ல. முடி பிடுங்கப்பட்டதால் தோல் கோபித்துக்கொண்டு சிவப்பது ஒன்று. மயிர்க்காலுக்குள் கிருமி புகுந்து சீழ் வைப்பது இன்னொன்று. வெளியே வரவேண்டிய முடி தோலுக்குள்ளேயே வளர்வது மூன்றாவது. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. எது எது என்று பிரித்தறிய வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. முடியை எடுத்து எத்தனையாவது நாளில் பொரி வந்தது என்று கணக்குப் பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

ஏன் குறிப்பாக அந்த இடத்தில்?

கையிலும் வாக்ஸிங் செய்கிறோம். அங்கே இவ்வளவு தொல்லை இல்லை. கணைக்காலின் முன்பக்கத் தோலுக்கு மட்டும் சில சிக்கல்கள் உண்டு. அங்கே தோலுக்கு அடியில் சதை இல்லை; எலும்பின் மீது நேரடியாகப் போர்த்தியிருக்கிறது. எண்ணெய்ச் சுரப்பிகளும் குறைவு என்பதால் எளிதில் வறண்டு, செத்த செதில்கள் மேலே படிந்துகொள்ளும். மயிர்க்காலின் வாய் அந்தச் செதில்களால் மூடிப்போகும். முடியும் அங்கே நேராக நிற்பதில்லை. கீழ்நோக்கிச் சாய்ந்து, கிட்டத்தட்டப் படுத்தபடி வளர்கிறது. மூடிய வாயும் சாய்ந்த முடியும் சேர்ந்தால் முடி வழி தவறுவது எளிது.

இன்னொரு சங்கடமும் உண்டு. நின்றும் நடந்தும் கொண்டிருக்கும் நமக்கு, ரத்தம் கீழே இறங்குவதுபோல் மேலே ஏறுவதில்லை. அதனால் காலின் கீழ்ப்பகுதியில் வந்த புண் முகத்தில் வந்ததைவிட மெதுவாகத்தான் ஆறும். ஆறிய பிறகும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். மாநிறமும் கறுப்புமான நம் தோலில் இந்தத் தழும்புதான் பொரியைவிடப் பெரிய கவலையாகிறது.

முதல் இரண்டு நாள்: தோலின் கோபம்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வங்கியில் வேலை பார்க்கும் இருபத்தேழு வயதுப் பெண். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளின் காதுகுத்து. அதற்காக இந்த ஞாயிறு மதியம் பார்லரில் இரண்டு கால்களுக்கும் வாக்ஸிங் செய்துகொள்கிறார். ஒட்டிக்கொண்ட மிச்ச மெழுகை எடுக்க அங்கேயே எண்ணெய் தடவித் துடைக்கிறார்கள். இறுக்கமான லெகிங்ஸைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் வெயிலில் வீடு வந்து சேர்கிறார். மாலையில் பார்த்தால் முடி இருந்த ஒவ்வொரு துளையிலும் சின்னஞ்சிறு சிவப்பு மேடு. தொட்டால் எரிகிறது, லேசாக அரிக்கிறது.

இது நோய் இல்லை. ஒவ்வொரு முடியையும் வேரோடு பிடுங்கியதில் மயிர்க்காலைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்கள் விரிந்து, நீர் கோத்து நிற்கிறது. வரிசை தவறாமல் எல்லாத் துளைகளிலும் ஒரே மாதிரி இருப்பதும் சீழ் இல்லாததும் இதன் அடையாளம். ஷேவ் செய்தவர்களுக்குப் பிளேடு உரசிய இடமெல்லாம் பட்டையாகச் சிவந்து எரியும். இரண்டுமே 24 மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் 48 மணி நேரத்தில் அடங்கிவிடும்.

குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை 10 நிமிடம் போட்டு வைத்தால் எரிச்சல் குறையும். வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் மெல்லிய பூச்சாகப் போதும். தளர்வான பருத்தி உடை வேண்டும். அன்றும் மறுநாளும் வெந்நீர்க் குளியல், ஜிம், நீச்சல் குளம், லெகிங்ஸ், டைட் ஜீன்ஸ் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஏனென்றால் முடி பிடுங்கிய துளைகள் அந்த நேரத்தில் திறந்து கிடக்கின்றன. வியர்வையும் உரசலும் கிருமிக்கு வழி விடுகின்றன.

இங்கே தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாதாரண நாளில் வறண்ட காலுக்கு எண்ணெய் தடவுவதில் பலருக்குக் கெடுதல் வருவதில்லை. வாக்ஸிங் முடிந்த காலில் மட்டும் வேண்டாம். கெட்டியான எண்ணெய் திறந்த துளைகளை அடைத்துக்கொள்ளும், வியர்வை உள்ளே தங்கும். எண்ணெயை அழுத்தித் தேய்க்கும்போது தோலின் மேலிருக்கும் கிருமியும் சேர்ந்து உள்ளே போகும். மெழுகை எடுக்க எண்ணெய் தேவைப்பட்டால் உடனே மிதமான சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட வேண்டும். நம் உதாரணப் பெண்ணுக்கு அது நடக்கவில்லை.

மூன்றாம் நாள் முதல்: சீழ்ப்பரு

திங்கட்கிழமை சிவப்பு தணிந்துவிட்டது. புதன்கிழமை காலையில் வலது காலின் வெளிப்பக்கம் பத்துப் பதினைந்து புதுப் பருக்கள். சிவப்பு மேட்டின் உச்சியில் கடுகைவிடச் சிறிய வெள்ளை முனை. அரிப்போடு தொட்டால் வலியும் இருக்கிறது. எல்லாத் துளைகளிலும் இல்லை, அங்கங்கே சிலவற்றில்தான். இதுதான் ஃபாலிக்குலைட்டிஸ் எனப்படும் மயிர்க்கால் அழற்சி. பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. இந்தக் கிருமி வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. ஆரோக்கியமான பலருடைய மூக்கிலும் தோலிலும் எப்போதும் குடியிருப்பதுதான். காயம் பட்ட துளை கிடைத்ததும் உள்ளே இறங்குகிறது.

நல்ல செய்தி என்னவென்றால், மேலோட்டமான சீழ்ப்பரு பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே ஆறும். நாம் குறுக்கே போகாமல் இருந்தால் போதும். நாளைக்கு இரண்டு முறை மிதமான சோப்பால் கழுவி, ஒற்றித் துடைக்க வேண்டும். அந்தத் துண்டை வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை 10 நிமிடம் பருக்களின் மேல் வைத்து எடுப்பதை நாளைக்கு மூன்று முறை செய்தால் வலி குறையும், சீழ் தானே வடியும். ஒவ்வொரு முறையும் துவைத்த துணி வேண்டும்.

பருக்கள் நிறைய இருந்தால் பென்சாயில் பெராக்சைடு கலந்த வாஷ் உதவும். முகப்பருவுக்கு மருந்துக்கடையில் விற்பதுதான். 2.5 அல்லது 5 சதவீதம் போதும். ஈரக் காலில் தடவி, இரண்டு நிமிடம் விட்டு, நன்றாகக் கழுவிவிட வேண்டும். கழுவாமல் விட்டால் துண்டிலும் பாவாடையிலும் சாயம் போய் வெள்ளைத் திட்டு விழும். தோல் வறண்டு உரிந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். அதற்கும் அடங்கவில்லை என்றால் முப்பிரோசின் 2 சதவீதம் அல்லது ஃப்யூசிடிக் ஆசிட் 2 சதவீதம் உள்ள ஆன்டிபயாட்டிக் களிம்பை மருத்துவர் எழுதித் தருவார். அதைப் பருவின் மேல் மட்டும், சொன்ன நாட்களுக்கு மட்டும் தடவ வேண்டும். மீதியை எடுத்து வைத்து ஒவ்வொரு வாக்ஸிங்குக்கும் பூசிக்கொண்டிருந்தால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். உண்மையில் தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாது.

நகத்தால் கிள்ளிச் சீழை எடுப்பது, எலுமிச்சை தேய்ப்பது, டூத்பேஸ்ட் வைப்பது எல்லாம் வேண்டாம். கிள்ளும்போது சீழின் ஒரு பகுதி வெளியே வந்தாலும், மீதி மயிர்க்காலின் சுவரை உடைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகிறது. மேலோட்டமான பரு கட்டியாக மாறுவதும், ஒரு வாரத்தில் மறைய வேண்டியது ஒரு வருடத் தழும்பாக நிற்பதும் இப்படித்தான்.

அந்த டியூப் வேண்டாம்

நம் பெண் வியாழக்கிழமை மருந்துக்கடைக்குப் போகிறார் என்று வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை விசேஷம், அதற்குள் மறைய வேண்டும் என்கிறார். பல கடைகளில் எடுத்துத் தருவது ஒரு கலவைக் கிரீம். ஆன்டிபயாட்டிக் ஒன்று, பூஞ்சை மருந்து ஒன்று, கூடவே குளோபிட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டு. தடவிய இரண்டாம் நாளே சிவப்பும் அரிப்பும் மாயமாகும். அதனால்தான் இது இவ்வளவு பேர்பெற்றது.

ஸ்டீராய்டு கிருமியைக் கொல்வதில்லை. கிருமியை எதிர்த்து உடல் எழுப்பும் சிவப்பையும் வீக்கத்தையும் அடக்குகிறது, அவ்வளவுதான். நிறுத்தியதும் பருக்கள் முன்னைவிட அதிகமாக வரும். மறுபடியும் தடவத் தோன்றும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், தடவிய இடத்தில் முடி அடர்த்தியாக வளரும். ஸ்டீராய்டே புதிய மயிர்க்கால் பருக்களை உண்டாக்குவதும் உண்டு. மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை 2018-ல் மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. சட்டம் இருந்தும் டியூப் கை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. வாங்கும் முன் அட்டைப்பெட்டியில் மருந்துகளின் பெயரைப் படியுங்கள். குளோபிட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால், மருத்துவர் சொல்லாமல் காலில் தடவாதீர்கள்.

இரண்டு, மூன்று வாரம் கழித்து: உள்ளே சுருண்ட முடி

சீழ்ப்பரு ஆறிவிட்டது. விசேஷமும் முடிந்தது. மூன்றாவது வாரம் முடி முளைக்கத் தொடங்கும்போது வேறு விதமான முண்டுகள் தட்டுப்படுகின்றன. கெட்டியாக, பழுப்பு கலந்த சிவப்பில், தடவினால் மணல்போல் நெருடும். சீழ் இல்லை. ஜன்னல் ஓரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, போன் கேமராவைப் பெரிதாக்கி அந்த இடத்தைப் பாருங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் கறுப்புக் கோடாகவோ அரை வட்டமாகவோ புள்ளியாகவோ முடி தெரியும். இதுதான் இன்க்ரோன் ஹேர், உள்ளே வளரும் முடி.

வாக்ஸிங்கிலும் ஷேவிங்கிலும் இது வரும் விதம் வேறு. வாக்ஸ் சரியாக இழுக்கப்பட்டால் முடி வேரோடு வரும். தவறாக இழுத்தால் தோலுக்கு அடியில் பாதியில் அறுந்து நிற்கும். வேரோடு போன முடியும் திரும்ப முளைக்கையில் நுனி மென்மையாக இருப்பதால், செதில் மூடிய வாயைத் துளைக்க முடியாமல் பக்கவாட்டில் திரும்பிவிடும். ஷேவிங்கில் நுனி சாய்வாக வெட்டிய மூங்கில் குச்சிபோல் கூராகிறது. மூன்று, ஐந்து பிளேடு உள்ள ரேஸர்களில் முன் பிளேடு முடியைச் சற்று இழுத்துப் பிடிக்க, பின் பிளேடு அதை வெட்டுகிறது. வெட்டியதும் முடி தோல் மட்டத்துக்குக் கீழே உள்வாங்கிக்கொள்ளும். தோலை இழுத்துப் பிடித்து மழித்தாலும் இதே கதைதான். உள்ளே போன கூர்நுனி வளரும்போது சுவரைக் குத்துகிறது. உடல் அந்த முடியை அந்நியப் பொருளாக எண்ணி எதிர்க்கிறது. முண்டு உண்டாவது அப்படித்தான். இங்கே மூல காரணம் கிருமி இல்லை, ஆகவே ஆன்டிபயாட்டிக் களிம்பு தடவி ஒரு பயனும் இல்லை.

இதற்கு முதல் மருந்து காத்திருப்பதுதான். 4 முதல் 6 வாரம் அந்த இடத்தில் வாக்ஸ், ரேஸர், எபிலேட்டர், பிளக்கர் எதுவும் படக் கூடாது. கால் முடி நாளைக்குக் கால் மில்லிமீட்டர் அளவுதான் வளர்கிறது. சுருண்டு மாட்டிக்கொண்ட முடி நீளும்போது அதன் இழுப்பிலேயே நுனி விடுபட்டு வெளியே வந்துவிடும். வெளியே போக வேண்டியிருந்து முடி உறுத்தினால் டிரிம்மரால் 1 மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கொள்ளலாம். தோலை ஒட்டி வெட்டாதவரை தவறில்லை.

இதற்கிடையில் மேலே மூடிய செதிலை இளக்க வேண்டும். இரவில் சாலிசிலிக் ஆசிட் 2 சதவீதம் அல்லது யூரியா 10 சதவீதம் உள்ள லோஷனை முதலில் வாரம் இரண்டு முறை, தோல் தாங்கினால் ஒருநாள் விட்டு ஒருநாள் தடவலாம். எரிந்தால் இடைவெளியை அதிகமாக்க வேண்டும். சீழ் இருக்கும் பருவிலும், வாக்ஸ் செய்த முதல் இரண்டு நாளிலும் தடவக் கூடாது. பீர்க்கங்காய் நாரும் சர்க்கரை ஸ்கரப்பும் போட்டு அழுத்தித் தேய்ப்பது முண்டுகளைக் கிழித்துக் கறுப்பை அதிகமாக்கும். குளிக்கும்போது மென்மையான ஈரத்துணியால் வட்டமாக லேசாகத் தேய்த்தால் போதும். அடிக்கடி வருபவர்களுக்கு மருத்துவர்கள் இரவில் அடாப்பலீன் 0.1 சதவீதம் கொடுப்பதுண்டு. கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும்.

முடியின் வளைவு தோலுக்கு மேலேயே தெரிகிறது என்றால் மட்டும் அதை விடுவிக்கலாம். வெதுவெதுப்பான துணியை 10 நிமிடம் வைத்துத் தோலை இளக்குங்கள். கையைக் கழுவி, புதிய ஊசியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடையுங்கள். வளைவின் அடியில் ஊசியை நுழைத்து நுனியை மட்டும் மேலே தூக்கிவிடுங்கள். அதோடு நிறுத்திவிட வேண்டும். பிளக்கரால் பிடித்து இழுத்துவிடத்தான் கை துறுதுறுக்கும். பிடுங்கினால் அதே துளையில் புது முடி அடியிலிருந்து முளைத்து, மறுபடியும் உள்ளேயே சுருளும். முடி கண்ணுக்குத் தெரியாவிட்டால் தோண்டாதீர்கள்.

ஒரு மாதம் தாண்டியும் பரவினால்

சில சமயம் பொரிகள் மாதம் தாண்டியும் போகாமல், ஒரு காலில் மட்டும் கூட்டமாகப் பெருகும். சுற்றிலும் செதிலோடு வளையம்போல் ஓரம் தெரியும். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணோ இடுப்பில் படர்தாமரையோ கூடவே இருக்கும். இது படர்தாமரைப் பூஞ்சை மயிர்க்கால் வழியாக ஆழத்துக்கு இறங்கிய நிலை. 1883-ல் இதை விவரித்த இத்தாலிய மருத்துவர் டொமெனிகோ மயோக்கியின் பெயரால் மயோக்கி கிரானுலோமா என்கிறார்கள். பாதத்தில் பூஞ்சை உள்ள பெண்கள் காலை ஷேவ் செய்யும்போது பிளேடு கீறிய வழியில் பூஞ்சை உள்ளே போவது, மருத்துவப் பாடநூல்கள் காட்டும் முதன்மையான உதாரணம். ஸ்டீராய்டு கலந்த கிரீம் தடவிய படர்தாமரை இப்படி ஆழத்துக்கு இறங்குவதும் அடிக்கடி நடப்பது.

மேலே தடவும் பூஞ்சைக் களிம்பு அந்த ஆழத்துக்குப் போய்ச் சேராது. மாத்திரை தேவை, அதுவும் வாரக்கணக்கில். மருத்துவர் செதிலையோ முடியையோ சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார், தேவைப்பட்டால் சிறு துண்டு தோலைச் சோதனைக்கு எடுப்பார். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கும்போது கால் ஷேவிங்கைத் தள்ளிவைத்து, முதலில் அதைக் குணப்படுத்துவதுதான் முறை.

இரண்டு கால்களிலும் மாதக்கணக்கில் சீழ்ப்பரு வந்துவந்து போய், முடி உதிர்ந்து தோல் பளபளவென்று ஆகிறது என்றாலும் காத்திருக்காதீர்கள். நம் நாட்டில் காலை மட்டும் தாக்கும் அப்படி ஒரு நீண்டகால மயிர்க்கால் அழற்சி உண்டு. அது நிரந்தரத் தழும்பை விட்டுப்போகும்.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம்

பருவைச் சுற்றிய சிவப்பு ஒரு நாளில் விரல் அகலம் பரவினால், கால் சூடாக வீங்கினால், காய்ச்சல் வந்தால், தொடை இடுக்கில் நெறி கட்டினால் அன்றே போக வேண்டும். பேனாவால் சிவப்பின் ஓரத்தில் கோடு போட்டு வைத்தால் பரவுகிறதா என்று சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். பட்டாணி அளவுக்கு மேல் வலியோடு கட்டி எழும்பினாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். சிலவற்றைக் கீறிச் சீழ் எடுக்க வேண்டிவரும். சர்க்கரை நோயாளிகள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், வெரிகோஸ் நரம்பு உள்ளவர்கள் சிறிய பருவாக இருக்கும்போதே காட்டிவிடுவது நல்லது. முடி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கட்டிகள் திரும்பத் திரும்ப வந்தால் ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்வார்கள். மூக்கில் கிருமி குடியிருக்கிறதா என்று சோதிக்கவும் சொல்லலாம்.

அடுத்த முறை எப்படி?

ஷேவிங்கைக் குளியலின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீர் பட்டால் முடி நீர் குடித்து மெதுவாகும், செதிலும் இளகும். ஷேவிங் ஜெல் தடவி இரண்டு நிமிடம் விடுங்கள். ஒற்றை அல்லது இரட்டைப் பிளேடு ரேஸரால், முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே, அதாவது முழங்காலிலிருந்து பாதத்தை நோக்கி, அழுத்தாமல் இழுங்கள். அப்படிச் செய்தால் கண்ணாடிபோல் வழவழப்பு வராதுதான். அந்த அரை மில்லிமீட்டரை விட்டுக்கொடுத்தால் முண்டுகள் பெருமளவு குறையும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலசுங்கள். முடிந்ததும் குளியலறையிலேயே ஈரத்தோடு போடாமல் உலர்த்தி வெளியே வையுங்கள். ஐந்து முதல் ஏழு முறைக்கு மேல் ஒரே பிளேடு வேண்டாம். அக்கா தங்கையானாலும் ரேஸர் ஆளுக்கு ஒன்று.

வாக்ஸிங்குக்கு முடி அரை சென்டிமீட்டராவது வளர்ந்திருக்க வேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் மெழுகு பிடிக்காமல் முடி அறுந்துபோகும். பார்லரில் மெழுகை முடியின் திசையில் தடவி, தோலை இழுத்துப் பிடித்து, ஸ்ட்ரிப்பை எதிர்த் திசையில் தோலை ஒட்டியபடியே சட்டென்று இழுக்கிறார்களா என்று கவனியுங்கள். மேல்நோக்கித் தூக்கி இழுத்தால் முடி உடையும். ஒரே இடத்தில் இரண்டு முறைக்கு மேல் இழுக்க விடாதீர்கள். காலில் பட்ட குச்சியைத் திரும்ப மெழுகுப் பாத்திரத்தில் விட்டு எடுப்பதைக் கண்டால், புதுக் குச்சி கேளுங்கள். அது உங்கள் உரிமை. அடாப்பலீன் போன்ற கிரீம் தடவுபவர்கள் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் வாக்ஸிங் செய்யவே கூடாது, தோல் உரிந்து வந்துவிடும். மாத்திரையை நிறுத்திய பிறகும் எப்போது செய்யலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒவ்வொரு முறையும் முண்டு வருகிறவர்களுக்கு லேசர் நல்ல வழி. நம் தோல் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது என்பதால் எந்த லேசர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள் ஆகும். முடி முழுவதும் ஒழியாது, குறைந்து மெலியும். முடி மெலிந்தாலே முண்டு வருவது நின்றுவிடும். லேசருக்கு ஒரு மாதம் முன்பிருந்து வாக்ஸிங் கூடாது, ஒளி பிடித்துக்கொள்ள வேர் இருந்தாக வேண்டும்.

பழைய கறுப்புப் புள்ளிகளுக்குப் புது கிரீம் தேடும் முன், புதுப் பொரி வருவதை நிறுத்துங்கள். புதிது வராமல் இருந்தால் பழையது ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் மெல்ல மங்கும். வெயிலில் போகும்போது காலை மூடுவதோ சன்ஸ்கிரீன் தடவுவதோ அதை விரைவுபடுத்தும். அடுத்த வாக்ஸிங்குக்கு நாள் குறிக்கும் முன் காலை ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சீழோ முண்டோ ஒன்று மிச்சமிருந்தாலும் அன்றைக்கு வேண்டாம் என்று தள்ளிப்போடுங்கள். எந்த விசேஷமானாலும் புடவைக்குள் கால் முடி யாருக்கும் தெரியப்போவதில்லை.